வெயிட்டுக்குப் பிறகு ஓட்டம்

ராஜபாளையத்தில் ஜின்னிங் பாக்டரிக்குப் பின்னால் இருந்த அந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சாவி ஒன்றுதான். அது வேல்சாமி கையில் இருந்தது. தினமும் விடியுமுன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ் ஏறி வந்து அவன்தான் திறப்பான். சாவி வைத்திருப்பவன் சொல்வதுதான் சட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாத சட்டத்தைத்தானே மனுசன் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான்!

அந்த நேரத்தில் அங்கே வருகிறவர்கள் இரண்டே பேர். வேல்சாமிக்கு முப்பது வயது, மாவட்ட வலுதூக்கும் போட்டியில் இரண்டு வருடமாக மூன்றாம் இடம். இந்த வருடம் முதலிடம் வாங்காவிட்டால் இரும்பைத் தொடுவதில்லை என்று சபதம் செய்திருந்தான். மற்றவன் இருளப்பசாமி. ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைப் பிரித்துப்போடும் புளோ ரூமில் பதலி வேலை, நிரந்தரமில்லாத மாற்றாள். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, இருபத்துமூன்று வயதுக்குள்ளேயே கிழவனைப்போல இருமுவான். போலீசில் சேர்ந்துவிட்டால் அந்த ரூமிலிருந்து தப்பிக்கலாம். அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும் என்பதால், 1994-இல் நடக்கப்போகும் இந்தத் தேர்வுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு.

இருவருக்குமே ஓட்டமும் வேண்டும், எடையும் வேண்டும். போலீஸ் தேர்வில் பார்க்கும் மார்பு அளவுக்கும் கயிறு ஏறுவதற்கும் இருளப்பசாமி எடை தூக்கினான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். ஓடாதவனைக் கயிற்றுப் பக்கமே விடமாட்டார்கள். வேல்சாமியோ எழுபத்தைந்து கிலோ பிரிவில் நிற்க இரண்டு கிலோ குறைய வேண்டியிருந்ததால் ஓடினான்.

"வெயிட்டு முதல்ல, ஓட்டம் பொறவு" என்பது வேல்சாமியின் ஏற்பாடு. அவனுக்கு அது சரியான ஏற்பாடுதான். ஓடிக் களைத்த காலோடு நூற்று நாற்பது கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட் உட்கார்ந்தால் எழும்ப முடியாது, முதுகு வளைந்து வில்லங்கமாகிவிடும். அதோடு, அந்த எடையில் உட்காரும்போது பின்னால் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இருளப்பசாமி. அதனால் ஒருவன் வரிசைதான் இருவருக்கும் வரிசை.

ஒரே ஒரு தரம் இருளப்பசாமி கேட்டுப் பார்த்தான்.

"அண்ணே, ஓட்டத்த முதல்ல வச்சுக்கிட்டா என்ன? ஸ்குவாட் அடிச்சுட்டு எறங்குனா காலு ரெண்டும் கல்லாக் கெடக்கு."

"சரிலே, ஒருநா பாப்போம்" என்றான் வேல்சாமி.

மறுநாள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் இருவரும் சேர்ந்தே ஓடினார்கள். அண்ணனைத் தனியே விட்டு முன்னால் போவது மரியாதை இல்லை என்று, வேல்சாமியின் ஆமை வேகத்துக்கே இருளப்பசாமியும் ஓடினான். கடிகாரத்தை யாரும் அமுக்கவில்லை. பிறகு கூடத்துக்கு வந்து, வேல்சாமி நூற்று முப்பதோடு உட்கார்ந்தவன் அடியிலேயே மாட்டிக்கொண்டான். இருளப்பசாமி இடுப்பைக் கட்டித் தூக்கித்தான் அவனை மீட்டான்.

"பாத்தியா? ஓட்டம் பொறவுதான்" என்று வேல்சாமி அன்றோடு பேச்சை முடித்தான். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும்.

ஒவ்வொரு நாளும் எடை முடிந்ததும் மைதானத்துக்குப் போய், முந்நூறு மீட்டர் வட்டத்தில் இருளப்பசாமி ஐந்து சுற்று ஓடுவான். வேல்சாமி ஸ்டாப்வாட்ச் பிடிப்பான். ஏழு பதினைந்து. ஏழு பன்னிரண்டு. எப்படிக் குட்டிக்கரணம் அடித்தாலும் ஏழு நிமிடத்துக்குள் அவன் வரவில்லை.

அடுத்த வியாழக்கிழமை போலீஸ் தேர்வுக்கு மதுரைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த அதே வாரத்தில் மில்லிலும் ஒரு சேதி வந்தது. பதலிகளில் ஆறு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அடுத்த வாரம் ஒருநாள் லீவு போட்டாலும் பட்டியலில் பெயர் வராது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

"என்னண்ணே செய்ய? போய் ஓட்டத்துல வெளிய நின்னுட்டா ரெண்டும் இல்லாமப் போயிருமே."

"ஞாயித்துக்கிழமை ஒரு தடவ ஓடு. ஏழுக்குள்ள வந்தா மதுரை, வராட்டி மில்லு" என்றான் வேல்சாமி.

அந்த ஞாயிறு காலை கூடத்தைத் திறக்கும்போதே வேல்சாமிக்கு ஒரு எண்ணம் தோன்றியது. இன்றைக்கு மட்டும் இவனை முதலில் ஓடவிட்டால் என்ன? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக நூற்று ஐம்பதில் உட்காருவதாக இருந்தான். ஓடிக் களைத்தவன் பின்னால் நின்று என்னத்தைப் பிடிப்பான்? வந்த வார்த்தையை விழுங்கிவிட்டான். நூற்று ஐம்பது எழும்பியது. சந்தோஷத்தில் இருளப்பசாமியையும் ஐந்து செட் ஸ்குவாட் அடிக்கவைத்தான்.

பிறகு மைதானம். இருளப்பசாமி வாயைப் பிளந்துகொண்டு ஓடி வந்து கோட்டைத் தாண்டினான். ஏழு ஒன்பது.

"கெடைக்காத பலாக்காய விட கெடைக்கிற களாக்காய் மேல்லே" என்று வேல்சாமி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

வியாழக்கிழமை மதுரையில் ஆள் எடுத்தார்கள். இருளப்பசாமி அன்று புளோ ரூமில் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தான். ஆறு பேர் பட்டியலில் அவன் பெயரும் வந்தது. அதே ரூம், அதே தூசி, இனி ஐம்பத்தெட்டு வயதுவரை.

அடுத்த வாரம் ஒருநாள், மழையில் நனைந்து கூடத்தின் பூட்டு இறுகிப்போனது. எண்ணெய் விட்டும் திறக்கவில்லை. உடைக்க ஆள் வர ஒருமணி நேரமாகும் என்றார்கள்.

"சும்மா நிக்கிறதுக்கு ஓடிட்டாவது வாரேன். செத்த பிடிங்கண்ணே" என்றான் இருளப்பசாமி. இனி எதற்கு ஓட்டம் என்று வேல்சாமி கேட்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

முதல் சுற்றிலேயே வேல்சாமிக்குத் தெரிந்துவிட்டது. இது அவன் பார்த்துப் பழகிய ஓட்டமே இல்லை. முழங்கால் உயர்ந்தது, குதிகால் தரையில் தங்கவில்லை. மூன்றாம் சுற்றில் கடிகாரத்தைப் பார்த்தவன், கணக்குத் தப்பிவிட்டதோ என்று மறுபடியும் சுற்றை எண்ணினான். தப்பவில்லை. இவன் கொஞ்சம் மெதுவாக வரக்கூடாதா என்று மனசுக்குள் கெஞ்சினான். எந்தப் பாவியாவது அப்படி வேண்டுவானா? அவன் வேண்டினான்.

இருளப்பசாமி கோட்டைத் தாண்டி வந்து நின்றான். இருமினான். இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான்.

"எம்புட்டுண்ணே?"

வேல்சாமி கடிகாரத்தை நீட்டினான். ஆறு நிமிடம் முப்பத்தொரு வினாடி.

இருளப்பசாமி அதை வாங்கி, வெகுநேரம் பார்த்தான். மில்லில் எட்டு மணி ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதியது.

"எலே, என்னைய ரெண்டு வார்த்த திட்டிரு. மனசாரத் திட்டிருலே" என்றான் வேல்சாமி. ஞாயிற்றுக்கிழமை விழுங்கிய அந்த ஒரு வார்த்தை அவனுக்கு நினைவு வந்தது.

இருளப்பசாமி திட்டவில்லை. பொத்தானை அமுக்கி முள்ளைப் பழையபடி தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, கடிகாரத்தை அண்ணன் கையில் வைத்தான்.

"போட்டிக்குப் பத்து நாள்தான இருக்கு. நாளைக்கு வெயிட்ட முதல்ல வச்சுக்குவம்ணே. களைச்சுப்போய் நின்னா உங்களை என்னால பிடிக்க முடியாது."