பதினொரு மணிக்குள் கூப்பிடச் சொன்ன நம்பர்

எனக்கு வாய் நீளம். அதை என் மாமியார் சொன்னார், பாதர் பெர்னார்ட் சொன்னார், கடைசியாகக் கோவிந்தராஜன் சாரும் சொன்னார். பெங்களூர் பீன்யாவில் அவருடைய லேத் பட்டறையில் நான் கணக்கு எழுதச் சேர்ந்தது 2007 தொடக்கத்தில். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வது அவர் வழக்கம். அந்த ஆறு மாதம் ஒரு திங்கட்கிழமை முடிந்தது. நிரந்தரக் கடிதத்தை நானே டைப் அடித்து அவர் மேசையில் வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

"போடறேன். ஆனா இன்னொரு தடவ எதிர்த்துப் பேசினீங்கன்னா, லவினா, இத கிழிச்சிடுவேன்," என்றார். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்த போன்களைக் கேட்க மெஷினைத் தட்டினார். விடுமுறை நாளில் யாராவது கூப்பிட்டால் குரலைப் பதிந்து வைக்கும் மெஷின் அது. நேஷனல் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியதாகப் பெருமையாகச் சொல்லுவார்.

முதல் குரல் ஒரு கஸ்டமர். இரண்டாவது குரல் நிதானமான ஆங்கிலம் பேசியது. கார்டு பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுகிறோம். உங்கள் கிரெடிட் கார்டில் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு வெளிநாட்டு பில் ஒன்று பதிவாகியிருக்கிறது. நீங்கள் வாங்காதது என்றால் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் இந்த நம்பரைக் கூப்பிடுங்கள், அதற்குப் பிறகு ரத்து செய்ய முடியாது. நம்பரை இரண்டு முறை பொறுமையாகச் சொல்லிவிட்டுக் குரல் நின்றது.

மணி பத்தே முக்கால்.

சார் முகம் வெளுத்துவிட்டது. அந்த மாதம் கருவிகள் வாங்க அந்தக் கார்டைத்தான் நம்பியிருந்தார். நம்பரைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"சார், அந்த நம்பருக்குப் பண்ணாதீங்க."

"ஏன்?"

"உங்க பேர் சொல்லல. எந்த பேங்க்னு சொல்லல. கார்டோட கடைசி நாலு நம்பர்கூட சொல்லல. இதே மெசேஜ இந்த ஏரியா பூரா போட்டிருப்பான்."

"ஏம்மா, திருடன்னா கார்டு நம்பர் கேட்டிருப்பான்ல? இவன் ஒண்ணுமே கேக்கலியே. கூப்பிடுன்னுதானே சொல்றான்?"

அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆஸ்டின் டவுனில் பதினோரு வருடம் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். பரிசு விழுந்திருக்கிறது, இந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று கடிதம் வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் என் பூத்துக்கு ஓடி வருவார்கள். எந்தத் திருடனும் அவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களே போய், காசு கொடுத்து, திருடனைக் கூப்பிட்டார்கள். தானாகக் கூப்பிட்ட இடத்தின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வராது. எதிர்முனையில் பேசுகிறவன் கேட்டதையெல்லாம் சொல்லிவிட்டு, பில்லையும் என்னிடம் கட்டிவிட்டுப் போவார்கள். அந்தக் காசில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"கேக்கறத எல்லாம் அந்த நம்பர்ல வச்சிருக்கான் சார். நீங்களா போனாதான் கேப்பான். கார்டு பின்னாடி பேங்க் நம்பர் அச்சடிச்சிருக்கு. அதுக்குப் பண்ணுங்க."

"அங்க அரை மணி நேரம் பாட்டு போடுவான். பதினொண்ணு ஆயிடும். சும்னே இருங்க நீங்க," என்று பாதிக் கன்னடத்தில் என்னை அடக்கிவிட்டு சார் எண்களை அழுத்தினார்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. உடனே எடுத்தது ஒரு பெண் குரல், பதிவு செய்த குரல். கார்டு பாதுகாப்புப் பிரிவுக்கு நல்வரவு, உங்கள் பதினாறு இலக்க கார்டு எண்ணை அழுத்துங்கள். அசல் பேங்க் மாதிரியேதான் இருந்தது. சார் என்னை ஒரு வெற்றிப் பார்வை பார்த்துவிட்டு கார்டை எடுத்து அழுத்த ஆரம்பித்தார். நான்கு எண் போயிற்று. எட்டு. பன்னிரண்டு.

அன்றைக்கு இந்த ஓடிபி எல்லாம் கிடையாது. எண்ணும், தேதியும், பின்பக்க மூன்று எண்ணும் கிடைத்தால் போதும், கார்டைத் துடைத்துவிடலாம். மேசை மேல் என் கடிதம். வீட்டில் பள்ளிக்கூட ஃபீஸுக்காகக் காத்திருக்கும் இரண்டு பிள்ளைகள். இருந்தும் கையை நீட்டிப் போனைக் கட் பண்ணினேன்.

வாசலில் நின்ற சூப்பர்வைசர் மதலைமுத்து அப்படியே திரும்பி நடந்தார். நல்ல மனிதர்தான், சண்டை மட்டும் ஆகாது.

சார் கடிதத்தை எடுத்து, கிழிப்பதற்குக் குறுக்கே பிடித்தார்.

"கிழிங்க சார். அதுக்கு முன்னாடி உங்க செல்லுல இருந்து கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு ஒரே ஒரு போன். நாப்பத்தெட்டாயிரம் ஏறியிருந்தா நான் இப்பவே பையத் தூக்கிட்டுப் போறேன்."

பதினேழு நிமிடம் பாட்டு போட்டார்கள். பதினொன்று தாண்டியது. சார் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மனசுக்குள் ஜெபமாலை சொன்னேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு பையன் லைனில் வந்தான். சாருடைய பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்த்துக்கொண்டு, கணக்கைத் திறந்து பார்த்தான். அப்படி ஒரு பில்லே இல்லை. வெள்ளிக்கிழமை போட்ட பெட்ரோல்தான் கடைசி. சார் நடந்ததைச் சொன்னதும், அந்த நம்பர் எங்களுடையது அல்ல சார், பன்னிரண்டு எண்தான் போயிருக்கிறது என்றாலும் கார்டை மாற்றிவிடுவது நல்லது என்றான். அப்போதே பழைய கார்டை நிறுத்தினான்.

சார் செல்லைக் கீழே வைப்பதற்குள் மேசைப் போன் அடித்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"உங்க கால் கட் ஆயிடுச்சு சார்," என்றான் ஒருவன் ஆங்கிலத்தில். நாங்கள் கூப்பிட்டபோதே எங்கள் நம்பர் அவனிடம் பதிவாகியிருக்கிறது. "பில் ப்ராசஸ் ஆகப்போகுது. மீதி நாலு எண் சொல்லுங்க."

சார் ரிசீவர் பக்கம் கையைக் காட்டினார், நீங்களே பேசுங்கள் என்று.

எனக்கு வாய் நீளம் என்று முதலிலேயே சொன்னேன்.

"தம்பி, எந்த பேங்க்?" என்றேன்.

"கார்டு பாதுகாப்புப் பிரிவு மேடம்."

"பிரிவு சரி. பேங்க் பேரு? பேரச் சொல்லு, அவங்க மெயின் நம்பருக்குப் போட்டு உன்ன லைன்ல கேக்கறேன்."

"இந்த டைரக்ட் நம்பர்ல மட்டும்தான் மேடம் பேச முடியும்."

"உன் நம்பர்ல மட்டும்தான நீ இருப்ப. கார்டு செத்துப் போயிடுச்சு தம்பி, பேங்க்ல இப்பதான் பேசினோம். அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்கு உன் நம்பரத்தான் குடுக்கப் போறோம். அங்க இருந்து கூப்பிடுவாங்க, எடுத்துப் பேசு."

டொக் என்று வைத்தான். வாசலில் சிரிப்புச் சத்தம். மதலைமுத்து நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தார். லேத்துகள் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். சார் அவர்களை விரட்டக்கூட இல்லை.

முதல் வேலையாகத் தன் மச்சானின் செல்லுக்குப் போன் போட்டார். அவருக்கும் பீன்யாவிலேயே பட்டறை. அங்கேயும் அதே குரல், அதே பதினொரு மணி. நேரம் தாண்டினாலும் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று மச்சான் ரிசீவரைக் கையில் எடுத்திருந்தாராம். "வைடா கீழ. கார்டத் திருப்பு, பின்னாடி பாரு," என்று சார் விளக்கிய விளக்கத்தைக் கேட்டால், எஸ்டிடி பூத் வைத்திருந்தது அவர்தான் என்று தோன்றும். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மச்சான் தப்பித்தார், அதனால் அந்த ஒரு முறை வாயை அடக்கினேன்.

போனை வைத்துவிட்டு சார் கடிதத்தை நீவிச் சமன் செய்தார். குறுக்கே பிடித்ததில் ஓரம் கசங்கியிருந்தது. பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றேன்.

"இன்னும் என்னம்மா?"

"சம்பளம் ஆறாயிரம்னு அடிச்சிருக்கேன். அது நேத்து வரைக்கும்."

எதிர்த்துப் பேசினால் கிழித்துவிடுவேன் என்று சொன்ன மனிதர். ஆறாயிரத்தைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு என்று தன் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.