வைர நிலை ரோஷினி

ஏழாம் வகுப்பு ரோஷினி கணக்குச் செயலியில் வைர நிலையை எட்டியிருந்தாள். பள்ளிக் கணக்குத் தேர்வில் அவள் எடுத்தது நூற்றுக்கு முப்பத்தெட்டு.

கணக்கு டீச்சர் பானுப்பிரியாவுக்கு இது உறுத்தியது. செயலியின் அறிக்கையைப் பார்த்தபோது, தினமும் பதினொன்றரைக்கு ரோஷினி இருபது கணக்கு போட்டிருந்தாள். அந்த நேரம் அவள் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அறிக்கையைத் தாளாளர் ஞானசேகரனிடம் காட்டினால், பிள்ளை எந்நேரமும் படிக்கிறது என்று பூரித்துப்போனார். பெற்றோர் கூட்டத்தில் அவளையே மேடையேற்றி, பெரிய திரையில் செயலியை ஓட்டிக் காட்டப்போவதாகவும் அறிவித்தார்.

வீட்டில் அப்பா நிர்மலுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போக ஆவடியிலிருந்து ரயிலேறியதும், மகளின் பெயரில் கணக்குப் போடுவது அவன்தான். தவறான விடைக்குச் செயலி காட்டும் சிவப்புக் குறியைப் பார்த்து அவள் அழுததைத் தாங்காமல் தொடங்கியது. மனைவி லாவண்யாவிடம் சொல்லத் துணிவில்லை. அவளும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை ரோஷினி மேடையேறினாள். சரியாகப் போட்டால் கடினமாக்கி, தவறினால் எளிதாக்கும் செயலி அது. முதலில் வந்தது ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம். தவறு. அடுத்ததும் தவறு. வைரம் தங்கமாகி, தங்கம் வெள்ளியானது. எல்லாரும் பார்க்க நிலை இறங்கிக்கொண்டே போனது. தாளாளர் நெட்வொர்க்கைக் குறை சொன்னார்.

கடைசியில் அரையும் காலும் எவ்வளவு என்று வந்தது. மேலே மேலே, கீழே கீழே கூட்டி, ஆறில் இரண்டு என்றாள். தவறு. உடனே செயலி, அரை என்பது எத்தனை கால் என்று கேட்டது. ரோஷினி யோசித்தாள். இரண்டு. பழைய கணக்கு திரும்ப வந்தது. இம்முறை முக்கால் என்று எழுதினாள். பச்சை.

பானுப்பிரியா மட்டும் கை தட்டினாள். "இப்பதான் சார், இந்த ஆப் நம்ம புள்ளைய முதல்முறையா பாக்குது. இத்தனை நாளா யார் யாரையோ பாத்துட்டு இருந்திச்சு."

நிர்மல் தலையைக் குனிந்தான். பக்கத்தில் லாவண்யாவும் குனிந்திருந்தாள்.

"ரயில்ல நான்தான்," என்றான் மெதுவாக.

"பதினொன்றரைக்கு நான்," என்றாள் அவள். "குக்கர் வெச்சிட்டு."

"நீயுமா?"

"இன்னா பண்றது? அவ அழுதா எனக்கும் தாங்கல. பின்னமெல்லாம் உங்களவிட நான் நல்லாப் போடுவேன், தெரிஞ்சுக்கோங்க."

அன்றே இருவரும் தங்கள் போனிலிருந்து செயலியை எடுத்தார்கள். ரோஷினி தன் டேப்லெட்டில் தானே போட்டாள். சிவப்பு விழுந்த கணக்குகளை மறுநாள் பானுப்பிரியா கரும்பலகையில் பிரித்துக் காட்டினாள். அடுத்த தேர்வில் ஐம்பத்தொன்று.

பள்ளி வாசலில் விளம்பரத் தட்டி வைத்தார்கள்: செயலியால் பதின்மூன்று மதிப்பெண் உயர்வு. அதில் தன் பங்கு எவ்வளவு என்று பானுப்பிரியா கேட்டாள். அதைப் பிரித்துச் சொல்ல அறிக்கையில் வசதியில்லை என்றார் தாளாளர்.