உள்ளங்கையில் உருகிய எண்ணெய்

கடைக்கு ஆள் வருவது நின்றுபோனதற்குக் காரணம் சொந்த அக்கா புருஷன் என்று தெரிந்தபோது, அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது.

அவள் தேங்காய் எண்ணெய் ஆட்டி, நெய் காய்ச்சி விற்பவள். அக்கா வீட்டுக்கு மட்டும் சும்மா கொடுத்தனுப்புவாள். அதை அத்தான் பிரிட்ஜில் வைத்திருக்கிறார். இரண்டும் கல்லாக இறுகியதும் படம் பிடித்து, 'மெழுகு கலந்த சரக்கு, உஷார்' என்று அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். பிரிட்ஜைத் திறந்தாள். தட்டு முழுக்க எண்ணெயும் நெய்யும்தான். அவள் கொடுத்த வெண்ணெய், இடமில்லை என்று மேடைமேல் கிடந்தது. புளித்த வாடை அடித்தது.

"அத்தான், பிரிட்ஜில இருக்கவேண்டியது இந்த வெண்ணெய்தான். வெண்ணெயில தண்ணியும் பாலோட மிச்சமும் இருக்கு, அதான் கெடுது. நெய்யில அதெல்லாம் காய்ச்சி வடிகட்டியாச்சு. ஈரக் கரண்டி படாம மூடி வெச்சா அலமாரியே போதும். தேங்காய் எண்ணெயும் அப்படித்தான்."

"அப்ப ஏன் கல்லாட்டம் ஆச்சு?"

"எண்ணெய், நெய் ரெண்டுலயும் இருக்கிற கொழுப்பு பெரும்பாலும் வளைவு இல்லாம நேரா இருக்கிற வகை. குளிர்ல அடுக்கி வெச்ச குச்சி மாதிரி நெருங்கி இறுகிடும். தேங்காய் எண்ணெய் குளிர்காலத்துல வெளியிலயே உறையும். சமையலுக்கு வாங்குற மத்த எண்ணெய்ல வளைஞ்ச கொழுப்பு ஜாஸ்தி, அது லேசுல அடுக்காது. உறையுறத வெச்சுக் கலப்படம்னு சொல்ல முடியாது."

"உருக்கினா மெழுகும்தான் உருகும்" என்றார் அவர், விடாமல்.

"கைய நீட்டுங்க."

ஒரு துண்டு எண்ணெயைப் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சிறிது நேரத்தில் தெளிந்த நீராக விரலிடுக்கில் வழிந்தது. "மெழுகுவத்தி உங்க கைச்சூட்டுல உருகுமா?"

அவர் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"குழுவுல தப்புன்னு போட்டுடுங்க அத்தான். அது போதும்."

"போட்டது போட்டதுதான். இப்ப மாத்திச் சொன்னா நாலு பேர் என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க, போ."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா கெட்டுப்போன வெண்ணெயைக் குப்பையில் வழித்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அவள் படியிறங்கும்போது அக்கா பின்னாலேயே வந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்டி. அம்மா காலத்துல இருந்து குளிர்ல உறையுறதப் பார்த்தவதானே நான்."

"அப்ப ஏன்கா வாயத் திறக்கல?"

"நீ உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் இங்கதானே இருந்தாகணும்."

அவள் மீதிப் படிகளை இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அக்காவுக்கு எதையும் கொடுத்தனுப்பவில்லை. அக்காவும் கேட்கவில்லை.