மடக்கிக் கட்டிய குழாய்

தங்கத்தாய்க்கு முழங்கால் இரண்டும் காலையிலேயே கனத்துவிடும். கல்லிடைக்குறிச்சியில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, திருநெல்வேலியில் அவள் வேலைபார்க்கும் ஜவுளிக்கடையின் பின்வாசலில் நுழையும்போதே பாதி உடம்பு தீர்ந்திருக்கும். கூட்டுவதும் துடைப்பதும் கூடப் பரவாயில்லை. மூன்று மாடிப் படிக்கட்டைக் கழுவத் தண்ணீர் சுமப்பதுதான் ஆளைக் கொன்றது. குழாய் கீழ்த்தளத்தில் மட்டும். லிப்டில் வாளி ஏற்றக்கூடாது.

அதனால்தான் மூன்றாம் மாடிச் சுவரில் சிவப்பு உருளையில் சுற்றியிருந்த தீயணைப்புக் குழாயோடு அவள் சிநேகமானாள். வால்வைத் திறந்துவிட்டு இழுத்தால் போதும், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் பீறிட்டு வரும். நுனியிலிருந்த மூடி இறுக்கம். நடுநடுவே தண்ணீரை நிறுத்த அதை மூடித் திறப்பது அவள் விரலுக்கு ஆகாது. வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் செய்வதைப்போல, ரப்பர் குழாயைப் படக்கென்று மடக்கி, ஒரு சேலைக்கரைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டு விளக்குமாற்றை எடுப்பாள்.

கடையின் மின்சாரமும் தண்ணீரும் சுடலைக்கண்ணுவின் பொறுப்பு. அவர் ஒருநாள் பார்த்துவிட்டார்.

“ஏட்டி, அது நெருப்புக்கு உள்ளது. படிக்கட்டைக் குளிப்பாட்டவா மாட்டி வச்சிருக்கு?”

“நெருப்பு வரும்போது கொடுத்துருதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் என் முட்டிக்கு இருக்கட்டுமே.”

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாடியில் குழாயைத் தொடுவதற்குப் பயிற்சி கொடுத்திருந்ததே இவர்கள் இரண்டு பேருக்குத்தான். விற்பனைப் பெண்களுக்குச் சொல்லியிருந்தது, வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டு படிவழியே இறங்குவது மட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டில் சாம்பிராணி கொண்டுவந்தார்கள். பேக்கிங் அறை வாசலில் ஒரு கங்கு தெறித்தது, யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேக்கிங் பார்க்கும் ஹெப்சிபா அலறினாள்.

“அக்கா! அட்டைப்பெட்டி எரியுது!”

காலிப் பெட்டிகள் ஒரு மூலையில் பற்றியிருந்தன. தீ இடுப்புயரம்கூட இல்லை. சுடலைக்கண்ணு முதலில் ஓடியது மின்பெட்டிக்கு.

“கரண்டு போகாம தண்ணி அடிச்சிராத!” அறை இருண்டது. “ஹெப்சிபா, தீயணைப்பு ஆபீசுக்குப் போன் போடு. எல்லாரும் கீழ இறங்குங்க!”

தங்கத்தாய் வால்வைத் திறந்துவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். “உள்ள போகாத,” என்றார் அவர். “கதவு நம்ம முதுகுப் பக்கம் இருக்கணும். புகை தலைக்கு இறங்குச்சுன்னா போட்டுட்டு ஓடிருவோம்.”

இரண்டு கையாலும் மூடியைத் திருகினாள். தண்ணீர் சீறியது, பிறகு சட்டென்று இளைத்து, குழந்தை மூத்திரம்போல் ஒழுகியது.

தங்கத்தாய் திரும்பிப் பார்த்தாள். தினமும் மடக்கிக் கட்டிய இடத்தில் ரப்பர் தழும்பு விழுந்திருந்தது. கதவு நிலையில் திரும்பும்போது, பழகிய மாடு தொழுவுக்குப் போவதுபோல், அது தானாக மடங்கிக்கொண்டது.

சுடலைக்கண்ணு பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார். ஒழுகலும் நின்றது.

“இழுக்காதிய அண்ணாச்சி! இழுத்தா இன்னும் இறுகும். இங்கன தள்ளிவிடுங்க, பைய!”

அவர் உருளையிலிருந்து தளர்வாக விட்டார். மடிப்பைக் கையால் நிமிர்த்தி, மூலையில் உரசாமல் அகல வளைவாகப் போட்டு, அங்கேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தங்கத்தாய் தீயின் அடியைப் பார்த்து அடித்தாள். புகை இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றாள். அட்டைகள் கறுத்துச் சரிந்தன.

தீயணைப்பு வண்டி வந்தபோது புகைச்சல்தான் மிச்சம். அவர்கள் கிளறிப் பார்த்து அணைத்துவிட்டுப் போனார்கள்.

மேலாளர் செந்தில்முருகன் மேலே வந்தார். நாங்குநேரிக்காரர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். குழாயின் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

“இதை யாரு இப்படி மடக்குனது?”

சுடலைக்கண்ணு வால்வை மூடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். தங்கத்தாய்க்குப் பொய் யோசிக்கத் தெம்பில்லை.

“நாந்தான் சார். படி கழுவ.”

அவர் குழாயைக் கீழே விட்டார். “நீதான் அணைச்சிருக்க. அதனால வேற ஒண்ணும் சொல்லல. குழாயை மாத்தச் சொல்லுதேன். இனிமே நெருப்பு தவிர வேற எதுக்கும் அதத் தொடக்கூடாது.”

“அப்போ படி, சார்? இங்கன ஒரு தண்ணிக்குழாய் வச்சுக் குடுத்தா…”

“பாப்போம்,” என்றார், இறங்கிக்கொண்டே.

அந்த ‘பாப்போம்’ எத்தனை வருசத்துக்கு என்று அவளுக்குத் தெரியும்.

“என் முட்டியும் பாத்துக்கிட்டே இருக்கட்டும்,” என்று முணுமுணுத்தாள்.

பேக்கிங் அறையில் கரித்தண்ணீர் கணுக்கால் நனைய நின்றது. அதைத் தள்ளவேண்டியவளும் அவள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்தாள்.