இருபத்துமூன்றாம் கேள்விக்கு மைனஸ்

பெற்றிசியா ரீச்சருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். பாப்பாமோட்டைப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தத் துடைப்பைக் கண்டாலே கொப்பியைத் திறந்துவிடுவார்கள். ஆனால் அன்று சனிக்கிழமை மன்னார் டவுன் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கூடிய விஞ்ஞான ஆசிரியர் வட்டத்தில் அதன் அர்த்தம் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வட்டம் என்றால் பெரிய வட்டமில்லை. மூன்று பள்ளிக்கூடங்களின் விஞ்ஞான ஆசிரியர்கள் சேர்ந்து தவணைப் பரீட்சைக்குப் பொதுவாக ஒரு வினாத்தாள் போடுகிறார்கள். நாற்பது பல்தேர்வு வினா. தலைவர் சிங்கராசா சேர் டவுனில் ரியூசன் வகுப்பு நடத்துகிறவர்; அவர் வகுப்பில் இடம் கிடைப்பதற்குத் தாய்மார் படும் பாட்டைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றால் கேட்கலாம். முப்பது கேள்வி அவருடையது. மீதிப் பத்தும் இந்தத் தவணைதான் முதன்முதலாகப் பெற்றிசியா ரீச்சருக்குக் கிடைத்தன. கிடைத்தன என்பதைவிட, இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கினார் என்பதே சரி.

வட்டத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. பரீட்சை முடிந்தபின் கேள்விகளுக்கும் பரீட்சை. ஒருவருடைய கேள்விகளில் மூன்றுக்கு மேல் மைனஸ் வந்தால் அவர் அடுத்த தாளுக்குக் கேள்வி போடக்கூடாது. செயலாளர் றொட்னி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். ரீச்சருக்கு நாலு மைனஸ்.

"இருபத்துமூண்டைப் பாருங்கோ ரீச்சர்," என்றான் றொட்னி. "மேல்குழு நாப்பது பேரில சரியாச் செய்தது பதினாலு பேர். கீழ்க்குழு நாப்பது பேரில இருபத்தாறு. எண்பதுக்கு நாப்பது சரி, அப்ப கடினச் சுட்டி பொயின்ட் அஞ்சு. அது நல்லம். ஆனா பிரித்தறி சுட்டி, பதினாலில இருந்து இருபத்தாறைக் கழிச்சு நாப்பதால பிரிச்சா மைனஸ் பொயின்ட் மூண்டு."

கடினச் சுட்டி என்று பெயர் வைத்தவர் யாரோ, அது கூடக் கூடக் கேள்வி இலகு. அதையாவது பொறுக்கலாம். மற்றச் சுட்டிதான் மானத்தை வாங்குவது. கெட்டிக்காரர் பிழைவிட, படிக்காததுகள் சரியாகச் செய்தால் அது மைனஸுக்குப் போகும். கேள்வி குழப்பமாக இருக்கவேண்டும், அல்லது ஆசிரியர் குறித்துக் கொடுத்த விடையில் பிழை இருக்கவேண்டும்.

"விடை பிழையோ?" என்றார் சிங்கராசா சேர், மிகவும் அன்பாக. அந்த அன்புதான் ரீச்சருக்கு அலர்ஜி.

கேள்வி இதுதான்: நெல் அறுவடை முடிந்த வயலில் பயறு விதைத்தால் மண்ணில் கூடும் மூலகம் எது? விடை நைதரசன். பயற்றின் வேர்முடிச்சில் இருக்கும் பற்றீரியா செய்கிற வேலை. புத்தகத்திலேயே இருக்கிறது.

"விடை சரி சேர். கேள்வியின்ர வசனமும் சரி. நாலு தெரிவில சரி ஒண்டுதான்."

"அப்ப ஏன் ரீச்சர் கெட்டிக்காரப் பிள்ளையள் பிழைவிட்டவை? என்ர முப்பத்தொண்டைப் பாருங்கோ. மேல்குழுவில முப்பத்தாறு, கீழ்க்குழுவில பன்னிரண்டு. பிளஸ் பொயின்ட் ஆறு. கேள்வியெண்டா அது."

"சேர் உங்கட கேள்வியைப் பற்றி ஒருதரும் கேக்கேல்ல."

"நான் ஒரு உதாரணத்துக்குச் சொன்னனான். நீங்கள் மனம் நோகாதேங்கோ. அடுத்த வருசம் பாப்பம்."

அடுத்த வருசம். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாலாம் தடவை துடைக்க அதில் ஒன்றுமில்லை. "றொட்னி, அந்த எண்பது விடைத்தாளையும் ஒருக்கா எடுங்கோ."

"எல்லாம் கணினியில கிடக்கு ரீச்சர்."

"கணினியில கிடக்கிறதைத்தான் இவ்வளவு நேரம் பாத்தனாங்கள்."

றொட்னி இரண்டு கட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கீழ்க்குழுக் கட்டின் முதலாவது தாளிலேயே ரீச்சரின் கண் நின்றுவிட்டது. மூலையில் சிவப்பு மையில் முப்பத்துநாலு.

"இது எங்கட டினோஜா. நாப்பதுக்கு முப்பத்திநாலு எடுத்தவள். கீழ்க்குழுவில இவளுக்கு என்ன வேலை?"

றொட்னி தாளைப் பார்த்தான், சேரைப் பார்த்தான், பிறகு மின்விசிறியைப் பார்த்தான்.

"நீங்கள் எப்பிடிக் குழு பிரிச்சனீங்கள்?"

"நூற்றிநாப்பத்தெட்டுத் தாள் ரீச்சர். அதில இருபத்தேழு வீதம் நாப்பது."

"அது சரி. எந்த நாப்பது?"

"டவுன் பள்ளிக்கூடத்துக் கட்டில நாப்பது மேல்குழு. பாப்பாமோட்டைக் கட்டில நாப்பது கீழ்க்குழு. உயிலங்குளம் நடுவில." குரல் இறங்கிக்கொண்டே போனது. "டவுன் பிள்ளையள்தானே கெட்டிக்காரர். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை."

மொத்தப் புள்ளியை வைத்து நூற்றுநாற்பத்தெட்டையும் ஒரே வரிசையாக்கி, மேலிருந்து நாற்பது, கீழிருந்து நாற்பது எடுப்பதுதான் முறை. இவன் பிள்ளைகளை அளக்கவில்லை, ஊரை அளந்திருக்கிறான். அதில் ஒரு வேடிக்கையும் இல்லை. ஆனால் ரீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு கோபத்தைவிடப் பயங்கரமாக இருந்தது.

"பெரிய வித்தியாசம் வராது," என்றார் சிங்கராசா சேர்.

"வராதெண்டா எண்ணிப் பாக்கிறதில நட்டமில்லை சேர்."

ஆய்வுகூட மேசை முழுவதும் தாள் பரவியது. முப்பத்தொன்பது எடுத்த தாள் ஒரு முனையில், ஏழு எடுத்தது மறுமுனையில். அடுக்கி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கீழ் நாற்பதை எண்ணும்போது றொட்னியின் முகம்தான் பார்க்கவேண்டியது. அதில் பத்தொன்பது டவுன் பிள்ளைகள். எவர் வீட்டுப் பிள்ளை என்று பெயர்களைப் பார்த்த சிங்கராசா சேர், கோயில் வாசலைத்தான் நினைத்திருப்பார்.

இருபத்துமூன்றாம் கேள்வி: மேல்குழுவில் முப்பத்தொன்று சரி, கீழ்க்குழுவில் பதினொன்று. கழித்தால் இருபது, நாற்பதால் பிரித்தால் பிளஸ் பொயின்ட் ஐந்து.

"பயறு விதைச்ச வயலைக் கண்ட பிள்ளைக்கு அது இலகு, சேர். ஆனா வயலைக் காணாட்டியும் படிச்ச பிள்ளை செய்திருக்கு," என்றார் ரீச்சர். "இப்ப முப்பத்தொண்டு."

"அதேன் இப்ப?"

"உதாரணத்துக்கு."

மேல்குழுவில் இருபத்துநாலு, கீழ்க்குழுவில் இருபத்திரண்டு. பிளஸ் பொயின்ட் பூச்சியம் ஐந்து. கெட்டிக்காரனையும் மக்கனையும் அந்தக் கேள்வியால் பிரிக்கவே முடியவில்லை.

"ரியூசனில அதே கணக்கு மூண்டுதரம் செய்விச்சனீங்கள்தானே சேர்," என்றான் றொட்னி, உதவி செய்கிற நினைப்பில். "டவுன் பிள்ளையள் எல்லாருக்கும் விடை பாடம்."



"அப்ப ரெண்டையும் விடுவம்," என்றார் சேர். "உங்கட இருபத்துமூண்டையும் என்ர முப்பத்தொண்டையும் எடுத்தா ஒருதருக்கும் மனவருத்தமில்லை."

"என்ர கேள்வியில பிழையில்லை சேர். ஏன் எடுக்கவேணும்?"

"ஒரு சமாதானத்துக்கு."

"சமாதானத்துக்கு எண்டு சுட்டி ஒண்டும் இல்லை."

மற்ற மூன்று மைனஸையும் எண்ணினார்கள். இரண்டு பிளஸுக்கு வந்தன. ஒன்பதாம் கேள்விதான் தேறவில்லை: மேல்குழு நாற்பதும் சரி, கீழ்க்குழுவில் முப்பத்தெட்டும் சரி. இதுவும் பிளஸ் பொயின்ட் பூச்சியம் ஐந்து. மைனஸ் போய்விட்டது, பிரயோசனம் வரவில்லை. இவ்வளவு இலகுவான கேள்வியைத் தானா போட்டேன் என்று ரீச்சருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. "இதை வெட்டுங்கோ," என்றார், யாரும் கேட்கமுன்.

சிங்கராசா சேர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் 'திருத்துக' என்று எழுதினார். வெட்டுக என்று எழுத மனம் வரவில்லை போலும். ரீச்சர் அதை விட்டுவிட்டார்.

"ரீச்சருக்கு இப்ப எத்தினை மைனஸ்?" என்றார் சேர்.

"ஒண்டுமில்லை சேர்," என்றான் றொட்னி.

கூட்டக் குறிப்பேட்டில் அடுத்த தாளுக்குக் கேள்வி போடுவோர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. சேர் தன் பெயரை எழுதினார். கொஞ்சம் யோசித்து, கீழே பெற்றிசியா என்றும் எழுதினார். பக்கத்தில் பத்து என்று போட்டார். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை அர்த்தம் சேருக்கு விளங்கியிருக்கவேண்டும். பத்தை வெட்டிப் பதினைந்து ஆக்கினார்.

"றொட்னி, மற்ற முப்பத்தஞ்சு கேள்வியும் பழைய குழுவிலதானே எண்ணினது?" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர்."

"அப்ப அதுகளும் பிழை. தாளை எடுங்கோ. சேர், நீங்கள் வாசியுங்கோ, நான் கோடு போடுறன்."

சிங்கராசா சேர் பெருமூச்சு விட்டு முதல் தாளைத் தூக்கினார். "முதலாம் கேள்வி," என்றார். "விடை ரெண்டு."