உதட்டுக்கு முன்னே ஓடிய மஞ்சள்

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் இருவரும் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்குகிறவர்களைக்கூட லைசென்ஸ் வாங்க வைத்துவிடுவார். அப்படி ஒரு பொறுமை அவருக்கு. எனக்கு அது சுட்டுப் போட்டாலும் வராது.

போன வருஷம் அவருக்கு மூளையில் சின்ன அடைப்பு வந்தது. கையும் காலும் தப்பித்தன, பேச்சு மாட்டிக்கொண்டது. விஷயமெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கிறது, வார்த்தை மட்டும் வெளியே வர நேரமாகும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். "அவரே தேடி எடுக்கட்டும். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க." நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டியதோடு சரி.

டாக்டர் சம்மதிக்கும்வரை அவர் வண்டி எடுக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கிளப்புவதற்காகத்தான் நெட்டில் போடுகிற குட்டி வீடியோக்களை ஆரம்பித்தோம். நிறுத்தி வைத்த காரில் அவர் டிரைவர் சீட்டில் உட்காருவார். நான் பக்கத்து சீட்டில் திரும்பி உட்கார்ந்து போனை நெட்டுக்குத்தாகப் பிடிப்பேன். ஒரு நிமிஷத்துக்கு ஒரு பாடம். கண்ணாடி எப்படி வைப்பது, வளைவில் எப்போது கியரைக் குறைப்பது. சொல்லப்போவதை அவரே முன்கூட்டியே எழுதி எனக்குக் கொடுத்துவிடுவார். மனிதருக்கு முகத்தில் மறுபடி களை வந்தது. ஸ்கூலுக்கும் அவர் முகம்தான் மூலதனம். அந்த முகம் சிரிப்புக்கு இடமாகிவிட்டால் அவர் திரும்ப எழுந்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அதனால் அவர் ஒரு வார்த்தையில் நின்றால் நான் போனுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுவென்று எடுத்துக் கொடுப்பேன். அவர் வாங்கிச் சொல்வார். வேலை முடிந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு அப்போது அது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரியும்.

வீடியோவை எடிட் செய்வது என் தம்பி. மொபைல் கடை மாடியில் ஒரே ஒரு அறை, இரண்டு கம்ப்யூட்டர். இத்தனை நாளும் வீடியோவின் அடியில் அவர் பேசுவதை முழு வரியாகத்தான் எழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மத்தவங்க வீடியோல எல்லாம் பேசப் பேச எழுத்து வார்த்தை வார்த்தையா மஞ்சளா எரியுது. நம்மளுது மட்டும் செத்த மாதிரி நிக்குது. உனக்குத் தெரியாதா, இல்ல அக்காதானேன்னு இளக்காரமா?"

"செஞ்சு தர்றேன், ஆளை விடு."

மாமா பேச்சு கொஞ்சம் குழறுகிறது, வார்த்தை பளிச்சென்று தெரிந்தால் பார்க்கிறவர்களுக்கும் சுலபம் என்று அவனிடம் நியாயம் வேறு பேசினேன். அவனும் செய்து கொடுத்தான். திரையில் ஒரு நேரத்துக்கு மூன்று நான்கு வார்த்தைகள் வெள்ளையாக நிற்கும். பேசுகிற வார்த்தை மட்டும் மஞ்சளாகி லேசாகப் பெரிதாகும், அடுத்ததற்குத் தாவும். ஜோராக இருந்தது. மாஸ்டர்கூட இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை நகைக்கடையில் வேலை பார்க்கிற பெண் ஒருத்தி என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். வண்டியை ஓரங்கட்டியதும் தயங்கித் தயங்கிப் போனை எடுத்தாள்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. மாஸ்டர் வீடியோல எழுத்து அவருக்கு முன்னாடி ஓடுது."

பார்த்தேன். 'நிறுத்துறதுக்கு முன்னாடி' வரை மஞ்சள் அவர் உதட்டோடு ஒழுங்காகப் போனது. 'ஓரமா' என்ற வார்த்தை எரிந்தபோது அவர் வாய் அசையவே இல்லை. மஞ்சள் காத்துக்கொண்டு நின்றது, பிறகுதான் அவர் சொன்னார். 'இண்டிகேட்டர்' என்பதிலும் அதே கதை. கீழே கமெண்ட்டில் ஒருவன், 'சப்டைட்டிலைப் பாத்து படிக்கிறாரு போல' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொருத்தன், 'பின்னாடி யாரோ சாவி குடுக்கறாங்க'. சிரிப்பு முகங்கள் வரிசையாக நின்றன.

எனக்குக் காது மடல் சுட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கம்ப்யூட்டர் கோளாறும்மா" என்று சொல்லிவிட்டு, அவளை ஏன் கிளச்சை இப்படி மிதிக்கிறாய் என்று காரணமே இல்லாமல் கடிந்துகொண்டேன்.

வகுப்பு முடிந்த கையோடு தம்பியின் மாடிக்குப் போனேன். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாமா மானத்தை வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டியா? எழுத்து ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். இதுக்குப் பேர் எடிட்டிங்கா?"

அவன் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நானும் காலைலேர்ந்து அதைத்தான் பாக்கறேன்க்கா. எல்லா வார்த்தையும் ஒரே அளவு முன்னாடி போயிருந்தா, மொத்தமா புடிச்சுப் பின்னாடி தள்ளிருவேன். ஒரு நிமிஷ வேலை. இது அப்படி இல்ல. நாலு வார்த்தை சரியா இருக்கு, அஞ்சாவது முந்துது. மறுபடி சரியா வருது."

"அப்ப சாஃப்ட்வேர் சரியில்லை."

"சாஃப்ட்வேர் நான் குடுக்கற எழுத்தையும் உன் போன்ல பதிவான குரலையும் பொருத்திப் பாக்கும். ஒவ்வொரு வார்த்தையும் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கணக்கு எடுக்கும். நான் அதை ஒரிஜினல் ஆடியோவுல எடுத்துட்டேன். அப்புறம்தான் சத்தத்தைச் சுத்தம் பண்ணேன். தப்பு என் மேலயும் இருக்கு." ஸ்பீக்கரைத் திருப்பினான். "சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இருந்ததைக் கேளு."

போட்டான். மாஸ்டர் குரல் வந்தது. "நிறுத்துறதுக்கு முன்னாடி..." உடனே அதற்கு ஒட்டினாற்போல் இன்னொரு குரல், போனுக்குப் பக்கத்திலேயே. "ஓரமா. ஓரமாங்க. சொல்லுங்க." சொல்லுங்க என்பதில் பல்லைக் கடித்திருந்தது. பிறகு மாஸ்டர், "ஓரமா."

அது என் குரல். எனக்கு என் குரல் கனிவாக இருப்பதாகத்தான் இத்தனை நாளும் நினைப்பு. கடைக்காரனிடம் மிச்சச் சில்லறை கேட்கிறவள் குரலாக இருந்தது அது.

"சத்தத்தைச் சுத்தம் பண்ணப்ப உன் குரல் போயிருச்சு, கணக்குல மட்டும் நின்னுருச்சு. முழு வரியா போட்டப்ப இது தெரியலக்கா. வரி மொத்தமா நிக்கும், எந்த வார்த்தை எப்ப வருதுன்னு யாரு பாக்கப் போறாங்க. வார்த்தை வார்த்தையா ஓடுனதும் மாட்டிக்கிச்சு. அது உன் வாய்க்கு எரியுது, மாமா வாய்க்கு எரியல."

தம்பி சின்னவன், என்னிடம் அடி வாங்கி வளர்ந்தவன். அவன் முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்தேன். அப்போதுகூட என் வெட்கம் எதைப் பற்றி என்றால், குட்டு வெளிப்பட்டுவிட்டதே என்பதைப் பற்றித்தான். புருஷனுக்குப் பேச்சு வரவில்லை என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டதே என்று. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இப்ப என்ன பண்றது?"

"நெட்ல ஏத்துனதுல எழுத்து வீடியோவோட ஒட்டிப் போயிருச்சு, அங்க மாத்த முடியாது. அதை எடுத்துட்டு வேற போடணும். முந்தற வார்த்தையை எல்லாம் கையால நகர்த்தணும். உக்காரு, நீயே செய். எடுத்துக் குடுத்தது நீதானே."

திரையில் குரலின் அலை நீளமாகக் கிடந்தது. நான் கிசுகிசுத்த இடமெல்லாம் சின்ன மேடு, பின்னால் அவர் சொன்ன இடம் பெரிய மேடு. வார்த்தைக் கட்டத்தின் முனையைப் பிடித்து, சின்ன மேட்டிலிருந்து பெரிய மேட்டுக்கு இழுக்க வேண்டும். சரியாக வருகிறதா என்று பார்க்க, மேலே ஒவ்வொரு படமாக நகர்த்தி உதட்டைப் பார்க்க வேண்டும். தம்பி ஒன்றைச் செய்து காட்டினான். மௌஸை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனான்.

'ஓரமா' என்பதை எடுத்தேன். இழுத்தேன். பொருந்தியது. சரிபார்க்கப் படத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியபோது கை அதிகமாகப் போய்விட்டது, சின்ன மேட்டுக்கும் முந்திய இடத்தில் நின்றது. அங்கே நான் இன்னும் வாய் திறக்கவில்லை. திரையில் அவர் உதடு குவிந்திருந்தது. ஓ சொல்வதற்குக் குவிகிற மாதிரி, நன்றாக, வட்டமாக.

ஒரு படம் நகர்த்தினேன். குவிந்தே இருந்தது. இன்னும் இரண்டு. என் சின்ன மேடு ஆரம்பித்தது. அவர் கண் கேமராவை விட்டு மேலே, என் முகத்துக்கு வந்தது. உதடு மூடிக்கொண்டது. நான் சொல்லி முடிக்கும்வரை மூடியபடி இருந்தார். பிறகு திறந்து, நான் கொடுத்த வார்த்தையைச் சொன்னார்.

அடுத்த இடத்துக்கு ஓடினேன். 'இண்டிகேட்டர்'. நான் பேசுவதற்கு முன்பே அவர் வாய் திறந்து பல் தெரிந்தது. என் குரல். வாய் மூடியது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் அவர் முகம் வெறுமையாக இருந்தது, அங்கே நிஜமாகவே வார்த்தை வரவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் வார்த்தை வாசல்வரை வந்துவிட்டது. நான்தான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டும்போது என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கால் அதன் மேலேயே இருக்கலாம், அவர்கள் மிதிக்கப்போகும் நேரத்தில் நாம் மிதித்துவிட்டால் அவர்களுக்குப் பிரேக்கே வராது. மாஸ்டர்தான் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். யார் யாருக்கோ அரை நொடி கொடுத்த நான் அவருக்குக் கொடுக்கவில்லை.

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கமெண்ட்டில் சிரித்தவர்கள் எவ்வளவோ தேவலை. அவர்கள் எழுத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

"அக்கா, முடிஞ்சுதா?" என்றான் தம்பி.

"இரு" என்றேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை, நல்ல பிள்ளை. எல்லா வார்த்தையையும் அவர் வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மாஸ்டர் வாசல் படியில் உட்கார்ந்து வண்டியின் பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீடியோவுக்கு. கமெண்ட்டை எல்லாம் அவரும் படித்திருந்தார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்க எனக்கு வராது.

"ஏங்க, வார்த்தை வாய்ல வந்தப்புறமும் எதுக்கு வாயை மூடிக்கிட்டீங்க? எல்லாத்தையும் பாத்துட்டேன். ஒரு தடவை, சும்மா இருடின்னு சொல்லியிருக்கலாமே."

அவர் துணியை மடித்து மடியில் வைத்தார்.

"நீ பயந்து... கிட்டு இருந்தே" என்றார். "நாலு பேரு... பாக்கறாங்க. நான் திக்குனா... உனக்கு..."

நின்றது. என்ன வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் உதடு ஒரு தடவை அசைந்து நின்றது, மறுபடி அசைந்தது. தெருவில் ஒரு சைக்கிள் முழுசாகக் கடந்து போயிற்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை.

"அவமானமா" என்றார், "இருக்கும்ல."