பூட்டிய வீட்டு வாசல்

மகளின் பிரசவத்துக்காக பிலாய்க்குக் கிளம்புமுன் முத்தாத்தாள் எல்லாவற்றுக்கும் ஏற்பாடு பண்ணியிருந்தாள். கதவுக்குப் பெரிய பூட்டு. சாவியும் கரண்டு பில்லுக்குப் பணமும் நாயும் கறிவேப்பிலைக் கன்றும் பக்கத்து வீட்டுத் தெய்வானையின் பொறுப்பு.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் வேலந்தாவளத்தில் பஸ் இறங்கி வந்தவளுக்கு நெஞ்சு திக்கென்றது. பூட்டிய வீட்டு வாசலில் ஈரம் காயாத கோலம்!

"எவ அவ, என்ற ஊட்டுல குடி வந்தவ?" என்று கத்தினாள்.

நாய் வாலாட்டிக்கொண்டு ஓடிவந்தது. பின்னாலேயே மாவுக் கிண்ணத்தோடு தெய்வானை.

"நாந்தானுங்கக்கா. வாசல் வெறிச்சுனு கெடந்தா, ஆளில்லாத ஊடுன்னு திருடனுக்குத் தெரிஞ்சுருமுங்களே. அதான் தெனமும் தெளிச்சுப் போட்டனுங்க."

கிளம்பும்போது பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்த தனக்கு இது தோன்றவில்லையே! முத்தாத்தாள் சாவியை வாங்கிக்கொண்டு, கோலத்தை மிதிக்க மனமில்லாமல், சொந்த வீட்டுக்குள் விருந்தாளியைப்போல ஓரமாக ஏறிப் போனாள்.